“வாங்கினதைத் தவணையா மாத்தித் தர்றோம் மேடம்” என்று போன் வந்தால்

திருச்சியில் இருக்கும் என் சித்தி, கடையில் கிரெடிட் கார்டைத் தேய்த்து 42,000 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினார். கார்டு வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் காலை பதினொன்றேகாலுக்கு ஒரு போன்.

“வணக்கம் மேடம், உங்க பேங்க் கிரெடிட் கார்டு பிரிவுலேருந்து பேசறேன். இந்த வாரம் கார்டுல ஒரு பெரிய பர்ச்சேஸ் பண்ணியிருக்கீங்க. அதை மாசத் தவணையா மாத்திக்கிற வசதி உங்களுக்கு வந்திருக்கு. வட்டியே கிடையாது. கன்ஃபர்ம் பண்ணிக்கிறதுக்காகக் கேக்கறேன், எவ்வளவுக்கு வாங்குனீங்க?”

“ஃபிரிட்ஜுங்க, 42,000.”

“ஆமா மேடம், அதேதான் இங்கயும் காட்டுது. பன்னிரண்டு மாசம்னா மாசம் 3,500 ரூபாய் வரும். இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும்தான் இந்த ஆஃபர்.”

தொகையைச் சொன்னது யார் என்று பாருங்கள். அவனிடம் இருந்தது ஒரு பெயரும் போன் நம்பரும், மிஞ்சிப்போனால் எந்த வங்கியின் கார்டு என்பதும் மட்டும். பண்டிகைக் காலத்திலும் ஆன்லைன் தள்ளுபடி நாட்களிலும் யாரைக் கூப்பிட்டாலும் “சமீபத்தில் பெரிதாக ஏதோ வாங்கியிருப்பார்” என்பது பாதிக்குப் பாதி பலிக்கும். சில சமயம் வாரண்டி அட்டையோ டெலிவரி விவரமோ கை மாறியிருக்கலாம். எப்படியானாலும், ஃபிரிட்ஜ் என்பதையும் 42,000 என்பதையும் சித்திதான் எடுத்துக் கொடுத்தார். அவன் செய்தது பன்னிரண்டால் வகுத்தது மட்டுமே.

அடுத்து அவன் செய்ததுதான் சித்தியை முழுக்க நம்பவைத்தது. கார்டின் முதல் ஆறு எண்களைக் கடகடவென்று ஒப்பித்து, “சரிதானே மேடம்?” என்றான். சரியாக இருந்தது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கார்டின் முதல் ஆறு அல்லது எட்டு எண்கள் எந்த வங்கி, எந்த வகைக் கார்டு என்பதைச் சொல்லும் எண்கள். அதே வங்கியில் அதே வகைக் கார்டு வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கும் அவை ஒன்றுதான். ஆனால் புதிதாகக் கார்டு வாங்கியவருக்கு இது தெரியாதே. “நம்பர் எல்லாம் அவங்ககிட்ட இருக்கு, அப்ப பேங்க்தான்” என்று மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. மீதி எண்களை “கார்டு உங்க கையிலதான் இருக்கான்னு சரிபார்க்க” என்று கேட்டான். பிறகு கார்டு காலாவதியாகும் மாதமும் வருடமும். பிறகு பின்பக்கம் இருக்கும் மூன்று எண்கள், அதாவது சிவிவி. நடுவில் “தவணைக்குத் தகுதி பார்க்க” என்று சொல்லி, கார்டு லிமிட் எவ்வளவு என்றும் கேட்டுக்கொண்டான். 1,20,000 என்றார் சித்தி. அதில் 42,000 போனால் 78,000 மிச்சம். எவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்கு அவனுக்குக் கிடைத்துவிட்டது.

“இப்ப ஒரு தவணை அனுமதி எண் வரும், அதை மட்டும் சொல்லுங்க மேடம்.” வந்தது, சொன்னார். “நெட்வொர்க் பிரச்சனை, முதல் எண் விழலை. இன்னொண்ணு வரும்.” அதுவும் வந்தது, அதையும் சொன்னார். முதல் எண்ணுக்கு 41,850 ரூபாய் போனது. இரண்டாவதற்கு 19,999. போனை வைத்துவிட்டு மெசேஜைத் திறந்து பார்த்தபிறகுதான் விஷயம் புரிந்தது.

ஒரு வங்கியின் கார்டு புகார்ப் பிரிவில் நாலு வருஷம் உட்கார்ந்து, இதே கதையை ஊர் ஊராகக் கேட்டவன் நான். என் வீட்டில் மட்டும் யாருக்கும் உட்கார்ந்து விளக்கியதில்லை. அந்தக் கடனைத்தான் இங்கே அடைக்கிறேன்.

முதலில், தவணை மாற்றம் என்றால் என்ன நடக்கிறது

நீங்கள் கடையில் கார்டைத் தேய்த்ததுமே கடைக்காரருக்குப் பணம் கொடுக்கும் பொறுப்பு வங்கியினுடையதாகிவிடுகிறது. நீங்கள் வங்கிக்கு 42,000 கடன்பட்டவர். இந்தக் கணக்கு வங்கியின் பேரேட்டில் தேதியோடும் கடையின் பெயரோடும் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. தவணையாக்குவது என்றால், அந்த ஒரு வரியை எடுத்து, “இதை மொத்தமாக அல்ல, பன்னிரண்டு மாதமாக வசூலிக்கிறோம்” என்று எழுதி வைப்பது. அவ்வளவுதான். புதிதாக எங்கேயும் பணம் போவதில்லை. யாருக்கும் எதுவும் செலுத்தப்படுவதில்லை.

இது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். தன்னுடைய பேரேட்டில் உள்ள வரியை மாற்றி எழுத வங்கிக்கு உங்கள் கார்டு எண் எதற்கு? அந்தக் கார்டை அச்சடித்துக் கொடுத்ததே அவர்கள்தானே. கார்டு எண், காலாவதி மாதம், சிவிவி ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரே ஒரு வேலைக்குத்தான் பயன்படும்: ஏதோ ஓர் இணையதளத்தில் பணம் கட்டும் பக்கத்தை நிரப்ப. நான் வேலை பார்த்த இடத்தில் என் திரையில் வாடிக்கையாளரின் கார்டு எண்ணில் கடைசி நான்கு இலக்கம்தான் தெரியும், சிவிவி வரவே வராது. அதைக் கேட்டு வாங்கி நான் தட்டுவதற்கு ஒரு கட்டமும் கிடையாது.

வங்கிகள் தவணை மாற்றத்துக்காகப் போன் செய்வதே இல்லை என்று சொல்லமாட்டேன். செய்கிறார்கள். அதில் அவர்களுக்கு வட்டி வருமானம் இருக்கிறது, கூப்பிடாமல் இருப்பார்களா? ஆனால் உண்மையான அழைப்பில் அவர்கள்தான் உங்களுக்கு விவரம் சொல்வார்கள்: இந்தத் தேதி, இந்தக் கடை, இவ்வளவு தொகை, வட்டி இவ்வளவு. உங்களிடம் கேட்பது சம்மதம் மட்டும். அந்தச் சம்மதத்தைக்கூடப் போனில் தராமல், ஆப்பில் நானே செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிடுவதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இன்னொரு துப்பு அந்த “வட்டியே கிடையாது” என்ற பேச்சில் இருக்கிறது. கடையில் வாங்கும்போதே கிடைக்கும் வட்டியில்லாத் தவணையில், அந்த வட்டிக்கு ஈடான தொகையைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியாகக் கொடுக்கிறது. வாங்கி முடித்து மூன்று நாள் கழித்துக் கடைக்காரர் ஏன் அந்தத் தள்ளுபடியைத் தரப்போகிறார்? வாங்கியபின் மாற்றும் தவணைக்குப் பெரும்பாலும் வட்டி உண்டு. 2022-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு விதிகளின்படி, மாற்றுவதற்கு முன்பே அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். வட்டியை மறைத்து வட்டியில்லாத் தவணை என்று சொல்லக்கூடாது.

கையில் இருப்பது டெபிட் கார்டு என்றால் இன்னும் எளிது. தேய்த்த அன்றே உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. டெபிட் கார்டுத் தவணையைப் பெரும்பாலும் பில் போடும் நேரத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். போன பணத்தைத் தவணையாக்கித் திருப்பித் தருகிறோம் என்று தெரியாதவர் கூப்பிட்டுச் சொன்னால் அங்கேயே வைத்துவிடலாம்.

மெசேஜில் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

ஓடிபி வந்ததும் நம் கண் நேராக அந்த ஆறு எண்களுக்குத்தான் போகிறது. போனில் ஒருவன் அவசரப்படுத்தும்போது, திரையின் மேலே ஒரு நொடி வந்து போகும் அறிவிப்பில் எண்ணை மட்டும் படித்து ஒப்பிக்கிறோம். மெசேஜின் மீதி வரியில்தான் உண்மை இருக்கிறது. சித்திக்கு வந்தது ஏறக்குறைய இப்படி இருந்தது (எண்களை மாற்றியிருக்கிறேன்):

```
482913 is OTP for txn of INR 41,850.00
at XYZ GIFTS on card ending 1234.
Do not share this OTP with anyone.
```

தொகை 41,850 என்று இருக்கிறது. ஃபிரிட்ஜின் விலை அது இல்லை. மாதத் தவணை 3,500-ம் இல்லை. கடையின் பெயரோ பரிசுக் கூப்பன் விற்கும் ஏதோ ஒன்று. `txn` என்றால் பணப் பரிவர்த்தனை. தவணை என்ற சொல்லே இல்லை. ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, `INR` அல்லது `Rs` என்பதற்குப் பக்கத்தில் இருக்கும் தொகையையும் `at` என்பதற்குப் பின்னால் வரும் பெயரையும் மட்டும் பாருங்கள். நீங்கள் இப்போது, இந்த நிமிடம், அந்தப் பெயருக்கு அந்தத் தொகையைக் கட்ட உட்கார்ந்திருக்கிறீர்களா? இல்லை என்றால் அந்த எண் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது.

தொகையே இல்லாமல் வரும் ஓடிபி இதைவிட மோசமானது. நெட்பேங்கிங்கில் பதிவு செய்ய, கார்டின் பின் எண்ணை மாற்ற, வேறொரு போனிலோ தளத்திலோ உங்கள் கார்டைச் சேமித்து வைக்க என்று வரும் மெசேஜ்களில் ரூபாய் இருக்காது. “பாருங்க, பணமே போகலை, வெறும் வெரிஃபிகேஷன்தான்” என்று அவன் தைரியம் சொல்வான். நீங்கள் ஒரு தடவை பணம் எடுக்கக் கொடுக்கவில்லை, வீட்டுச் சாவியையே கொடுக்கிறீர்கள்.

சில வங்கிகள் தவணை மாற்றத்துக்கும் ஓடிபி அனுப்புவது உண்டு. அது தவணைக்கானது என்று மெசேஜிலேயே எழுதியிருக்கும். அதை நீங்களே வங்கியின் ஆப்பிலோ தளத்திலோ தட்டுவீர்கள். இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லும் கட்டம் அதிலும் கிடையாது.

ஓடிபி கேட்கவே கேட்காத வகையும் ஒன்று பரவியிருக்கிறது. “நீங்க எதுவும் சொல்ல வேண்டாம் சார், வாட்ஸ்அப்புல ஒரு ஃபைல் அனுப்பியிருக்கேன், அதை மட்டும் இன்ஸ்டால் பண்ணுங்க” என்பார்கள். `.apk` என்று முடியும் அந்தக் கோப்பு உங்கள் மெசேஜ்களைப் படித்து அவனுக்கு அனுப்பும். திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொல்வதும் இதே வேலைக்குத்தான். பெயர் வங்கியின் பெயராகவே இருக்கும், சின்னமும் அதுவாகவே இருக்கும். வங்கியின் ஆப் ப்ளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோதான் கிடைக்கும், வாட்ஸ்அப்பில் வராது.

“ஓடிபி சொல்லலை, கார்டு விவரம் மட்டும்தான் சொன்னேன்” என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டுத் தளங்கள் இந்தியக் கார்டுகளுக்கு ஓடிபி போன்ற இரண்டாம் சரிபார்ப்பைக் கேட்கின்றன. வெளிநாட்டுத் தளங்கள் பல கேட்பதில்லை. கார்டு எண்ணும் மாதமும் சிவிவியும் அங்கே போதும். ஆகவே அந்த மூன்றும் போய்விட்டால், ஓடிபி போகாவிட்டாலும், அந்தக் கார்டு போனதாகத்தான் கணக்கு.

இன்றைக்கே ஆப்பில் செய்து வைக்க வேண்டியது

போன் வருவதற்கு முன்பே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வங்கியின் ஆப்பில் கார்டுகள் பகுதிக்குப் போனால், வெளிநாட்டுப் பரிவர்த்தனை, ஆன்லைன் பரிவர்த்தனை, கார்டைத் தொட்டுக் காட்டிக் கட்டுவது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அணைக்கும் பொத்தான் இருக்கும். 2020-ல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கிய வசதி இது. வெளிநாட்டுப் பொத்தானை அணைத்து வையுங்கள். ஆன்லைனில் மாதம் ஒருமுறைதான் வாங்குவீர்கள் என்றால் அதையும் அணைத்துவிட்டு, வாங்கும்போது மட்டும் திறங்கள். பக்கத்திலேயே உச்ச வரம்பு வைக்கும் இடமும் இருக்கும். சித்தியின் கார்டில் ஆன்லைன் வரம்பு 5,000 என்று இருந்திருந்தால் 41,850 அங்கேயே நின்றிருக்கும்.

அப்படியே கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணை போனில் பெயர் போட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் இணையத்தில் தேடினால் போலி எண்கள் வந்து நிற்கும், ஒரு கள்ளனிடமிருந்து தப்பி இன்னொருவனிடம் போய் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1930 என்ற எண்ணையும் சேமியுங்கள். அது எதற்கு என்று கீழே வருகிறது.

போன் வந்துவிட்டது, இப்போது என்ன செய்வது

நம்பரைப் பாருங்கள். வங்கிகள் சேவை தொடர்பான அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களையும், விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்களையும் பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. சாதாரணப் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து “பேங்க்” பேசினால் அங்கேயே சந்தேகம் வரட்டும். ஆனால் 1600 என்று தெரிந்ததால் மட்டும் எதையும் சொல்லிவிடாதீர்கள். நம்பர் சந்தேகப்பட உதவும், நம்புவதற்கு உதவாது.

வாதம் செய்ய வேண்டாம். கேள்வி கேட்டு அவனை மடக்கலாம் என்று இறங்குபவர்கள்தான் நிறைய நேரம் பேசி, ஏதோ ஒரு இடத்தில் வாய் தவறுகிறார்கள். “நானே ஆப்ல பாத்துக்கறேன்” என்ற ஒரே வரியைச் சொல்லி வைத்துவிடுங்கள். “இன்னிக்கே கடைசி” என்ற மிரட்டலுக்கு மதிப்பில்லை. தவணைக்கு மாற்றும் வசதி பொதுவாக ஸ்டேட்மென்ட் வரும்வரை, சில வங்கிகளில் பணம் கட்டும் கெடு வரைகூட, திறந்திருக்கும்.

பிறகு உண்மையிலேயே தவணை வேண்டுமா என்று ஆப்பைத் திறந்து பாருங்கள். கார்டின் பரிவர்த்தனைப் பட்டியலில் அந்த வாங்கலைத் தொட்டால், தகுதி இருந்தால், `Convert to EMI` என்றோ அதுபோன்ற பெயரிலோ ஒரு பொத்தான் வரும். அழுத்தியதும் மாதம், வட்டி, கட்டணம் எல்லாம் தெரியும். சித்தியின் 42,000-க்கே கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு 15 சதவீத வட்டி, 12 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 3,791 ரூபாய். மொத்த வட்டி சுமார் 3,490. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 628. செயலாக்கக் கட்டணம் 199 என்று வைத்துக்கொண்டால் அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக 42,000-க்கு மேல் 4,353 ரூபாய் கூடுதல். போனில் அவன் சொன்ன 3,500-க்கும் இந்த 3,791-க்கும் உள்ள இடைவெளியே அவன் யார் என்று சொல்லிவிடுகிறது. இடையில் முழுவதும் கட்டி முடித்தால் அதற்கும் ஒரு கட்டணம் இருக்கலாம், அந்த வரியையும் படித்துவிட்டு அழுத்துங்கள்.

வந்த நம்பரை sancharsaathi.gov.in தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் தெரிவிக்கலாம். பணம் போகாத, சந்தேகத்துக்குரிய அழைப்புகளுக்கான இடம் அது. பணம் போயிருந்தால் வழி வேறு.

சொல்லிவிட்டீர்கள் என்றால்

இங்கே வரிசை முக்கியம். ஏனென்றால் கார்டிலிருந்து போன பணம் கொஞ்ச நேரம் ஓர் இடத்தில் நிற்கும்: வாலெட்டில், பயன்படுத்தாத பரிசுக் கூப்பனில், இன்னும் அனுப்பப்படாத ஆர்டரில். நின்றிருக்கும்போது பிடித்தால் உண்டு. கூப்பன் செலவாகிவிட்டால் பிடிக்க ஒன்றுமில்லை.

முதலில் ஆப்பில் கார்டை முடக்குங்கள். போனில் ஆள் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். தற்காலிகமாக அணைப்பது முதல் நிமிடத்துக்குச் சரி. ஆனால் எண்களே வெளியே போய்விட்டதால் நிரந்தரமாக முடக்கி, புதிய எண்ணோடு கார்டு கேட்க வேண்டும்.

அடுத்து கார்டின் பின்பக்க எண்ணில் வங்கியைக் கூப்பிட்டு, எந்தெந்தத் தொகை நீங்கள் செய்யாதது என்று சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். நேரத்தையும் எழுதி வையுங்கள். பின்னால் எல்லாமே அந்த நேரத்தை வைத்துத்தான். கூடவே உங்கள் கைப்பேசி எண்ணோ ஈமெயிலோ மாற்றப்பட்டிருக்கிறதா, நெட்பேங்கிங் புதிதாகப் பதிவாகியிருக்கிறதா, கார்டு மேல் கடன் ஏதும் போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். இதைக் கேட்க மறந்தவர்களுக்கு இரண்டாம் நாள் இரண்டாம் அடி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உடனே 1930. இது இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் வங்கியையும் இன்னொருவர் 1930-ஐயும் ஒரே நேரத்தில் கூப்பிடலாம். பரிவர்த்தனை எண், தொகை, நேரம், கார்டின் வங்கி ஆகியவற்றைக் கேட்பார்கள், மெசேஜைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் எந்த வாலெட்டுக்கோ கணக்குக்கோ போயிருக்கிறதோ, அந்த நிறுவனத்துக்கு நிறுத்திவைக்கச் சொல்லித் தகவல் போகும். பிறகு cybercrime.gov.in தளத்தில் முழுப் புகாரையும் பதியுங்கள். மெசேஜ்களையும் அழைப்புப் பட்டியலையும் அழிக்காதீர்கள். அவமானத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு, அப்புறம் நம்மிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

சித்தி எனக்குப் போன் செய்தது 11:41-க்கு. 11:50-க்குக் கார்டு முடங்கியது, 11:58-க்கு 1930-ல் பதிவானது. 19,999 ரூபாய் ஒரு வாலெட்டில் நின்றிருந்தது. அதை நிறுத்தி வைத்தார்கள், ஏழு வாரம் கழித்து வந்து சேர்ந்தது. 41,850 பரிசுக் கூப்பன்களாக மாறி, நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த இடைவெளியிலேயே செலவாகியிருந்தது.

அந்தத் தொகை யார் தலையில் விழும்

இதை யாரும் மென்மையாகச் சொல்வதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, தவறு வங்கியுடையது என்றால் உங்கள் நஷ்டம் பூஜ்யம். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ ஓட்டை விழுந்து பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அப்போதும் பூஜ்யம். நீங்களே ரகசிய எண்ணைச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரையிலான நஷ்டம் உங்களுடையது. தெரிவித்தபிறகு போகும் பணம் வங்கியினுடையது. புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஆனாலும் எழுத்தில் புகார் கொடுக்காமல் விடாதீர்கள். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பை அதே விதி வங்கியின் மேல்தான் வைத்திருக்கிறது. ஓடிபி சொல்லாமலே போன தொகை ஏதாவது இருந்தால் அதைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள், அதற்கு வழக்கு வேறு. நடந்ததை மறைத்து “நான் யாரிடமும் சொல்லவில்லை” என்று எழுதுவது மட்டும் வேண்டாம். அழைப்பு வந்த நேரமும் ஓடிபி போன நேரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், முதல் பொய்யோடு மற்ற எல்லாமே பலவீனமாகிவிடும்.

மாத பில் வரும்போது ஒரு குழப்பம் வரும். மோசடி என்று நீங்கள் மறுத்திருக்கும் பரிவர்த்தனைக்கு, விசாரணை முடியும்வரை கட்டணம் எதுவும் போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கார்டு விதி. மீதி பில்லை வழக்கம்போல் கட்டிவிடுங்கள். கோபத்தில் மொத்தத்தையும் கட்டாமல் விட்டால், நீங்களே வாங்கிய மளிகைக்கும் பெட்ரோலுக்கும் வட்டி ஏறும், கடன் மதிப்பெண்ணும் இறங்கும்.

வங்கி முப்பது நாளில் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் ஏற்கும்படி இல்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

சில வாரம் கழித்து இன்னொரு போன் வரும். “உங்க புகார் எங்ககிட்ட வந்திருக்கு, பணம் ரெடி, திருப்பி அனுப்பக் கார்டு நம்பர் சொல்லுங்க” என்று. ஒருமுறை ஏமாந்தவர்களின் பட்டியலுக்கு அந்தச் சந்தையில் நல்ல விலை. சித்திக்கும் வந்தது, இருபத்திரண்டாம் நாள். “எனக்குப் பணமே வேண்டாம்ப்பா” என்று வைத்துவிட்டார்.

புதிய கார்டு வந்ததும் பழைய ஃபிரிட்ஜ் கணக்கு அதற்கே மாறி வந்திருந்தது. சித்தியை ஆப்பைத் திறந்து அந்தத் தவணைப் பொத்தானை அவரே அழுத்திப் பார்க்கச் சொன்னேன். மாதம் 3,791 என்று காட்டியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூடுதல் தொகையைக் கூட்டிப் பார்த்தார். “நாலாயிரத்துக்கு மேல வருதேடா” என்றவர், உறுதி செய்யும் பொத்தானை அழுத்தாமல் மூடிவிட்டு, சீட்டுப் பணம் வந்ததும் 42,000-ஐ மொத்தமாகக் கட்டினார்.